கடைசித் தேதிக்குக் கீழே சிவப்புக் கோடு

அந்தக் கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பிழை இல்லாமல் எழுதுவதிலேயே கவனம் முழுவதும் போய்விட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்போது நான் அரசாங்கத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருந்தேன். நீர்த்தேக்கங்களிலிருந்தும் குழாய்களிலிருந்தும் போத்தல் போத்தலாகத் தண்ணீர் வரும். அதில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது வேலை. பகலில் வேலை, மாலையில் பாலிடெக்னிக் வகுப்பு என்று சில வருடங்கள் ஓடி, கையில் ஒரு சான்றிதழும் வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் துறையிலிருந்து ஒருவரை ஓராண்டுப் பயிற்சிக்கு இங்கிலாந்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. ஒரே ஓர் இடம். போய் வந்தால் உதவியாளர் என்ற பெயர் போய், பகுப்பாய்வாளர் ஆகலாம். எங்கள் கூடத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்தப் பதவிக்கு வந்ததில்லை.

விண்ணப்பத்தோடு இரண்டு பரிந்துரையாளர்களின் பெயர் கேட்டிருந்தார்கள். ஒருவர் மேலதிகாரி. இன்னொருவர், விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தியவராக இருக்க வேண்டும். அவர் தன் கருத்தை உறையில் இட்டு ஒட்டி, நேராகச் செயலாளருக்கே அனுப்ப வேண்டும். விண்ணப்பித்தவர் கண்ணில் அது படக்கூடாது. கடைசித் தேதிக்குள் இரண்டும் வந்து சேராத விண்ணப்பம் எடுத்துக்கொள்ளப்படாது.

மேலதிகாரி உடனே சரி என்றார். இரண்டாவது பெயரில்தான் சிக்கினேன். பாலிடெக்னிக்கில் மாலை வகுப்பு எடுத்தவர்கள் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள், தவணைக்குத் தவணை மாறியவர்கள். ஒருவர்கூட எனக்கு இரண்டு வருடம் முழுதாகப் பாடம் நடத்தியதில்லை. மிஞ்சியது பள்ளிக்கூடத்தில் நான்கு வருடம் எனக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்த டீச்சர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். வெளுத்த பருத்திச் சேலையில் சாக்பீஸ் தூள் படாமல் பாடம் நடத்தக் கூடியவர். பள்ளியை விட்ட பிறகு அவருக்கு ஒரே ஒரு பொங்கல் வாழ்த்து அனுப்பியிருந்தேன். பிறகு அதுவும் இல்லை. ஓய்வு பெற்றுவிட்டார் என்பதையே பள்ளிக்கூட அலுவலகத்தில் முகவரி கேட்கப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில். கீழே மிளகாய் மூட்டை பிரித்தால் மேலே நாங்கள் தும்முவோம். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, செய்தித்தாள் விரித்து, கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில்தான். அவரிடம் வேதியியலை ஆங்கிலத்தில் படித்தேன், வேறு மொழியில் எழுதக் கை வரவில்லை.

கடிதம் ஒரு பக்கம். அதோடு இணைத்தவை: சுற்றறிக்கையின் நகல், தேர்வு முடிவுகள், பாலிடெக்னிக்கில் படித்த பாடங்கள், இப்போது செய்யும் வேலைகள், அவருக்கு நினைவூட்ட ஒரு தனித் தாள். அவர் வகுப்பில் எந்த வருடங்களில் இருந்தேன், எந்தப் பெஞ்சு, ஆய்வக அலமாரிக்கு நான் எழுதி ஒட்டிய பெயர்ச் சீட்டுகள், அறிவியல் கண்காட்சியில் செய்து காட்டியது எல்லாம் அதில் இருந்தன. கடைசியாக, செயலாளரின் முகவரியைத் தட்டச்சு செய்து, முத்திரை ஒட்டிய உறை. கடிதத்தின் இரண்டாம் பத்தியில் கடைசித் தேதியை மையால் எழுதி, கீழே சிவப்பில் கோடு போட்டேன். ஒரு கோடு கண்ணில் படாமல் போய்விடும் என்று இன்னொன்றும் போட்டேன்.

துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்த அப்பா தஞ்சோங் பகாரிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே மேசையை எட்டிப் பார்த்தார்.

"என்ன பாப்பா, கப்பல் ஏத்துற சரக்குக்குக்கூட இவ்ளோ பேப்பர் வைக்க மாட்டோம்லா."

"அவங்களுக்கு வேலை மிச்சம்ப்பா. எல்லாம் இதுலயே இருக்கு. பாத்து எழுதிட்டு உறையில போட்டா முடிஞ்சிது."

"எழுதித் தர்றேன்னு அவங்க சொல்லிட்டாங்களா?"

"இதுலதான் கேட்டிருக்கேன்."

அப்பா தலையைச் சொறிந்தார். "கேக்குறதுக்கு முன்னாடியே ஸ்டாம்ப் ஒட்டிட்டியே."

நான் சிரித்தேன். உண்மையில் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: தங்களுக்குத் தயக்கம் இருந்தால் தாராளமாக மறுக்கலாம், நான் தவறாக எண்ண மாட்டேன் என்று. அந்த வரி போதும் என்று நினைத்தேன். முகவரி எழுதிய உறையும் சிவப்புக் கோடும் அந்த வரியை அடித்துவிடுகின்றன என்பது அப்பாவுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. இன்று நான் யாரிடமாவது இப்படிக் கேட்க நேர்ந்தால் முதலில் எழுதித் தர முடியுமா என்று மட்டும் கேட்டு ஒரு கடிதம் போடுவேன். ஆம் என்று பதில் வந்த பிறகுதான் மற்றதெல்லாம். அன்று எனக்கு அந்த வரிசை தெரியாது. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கத் தெரிந்த எனக்கு அது மட்டும் தெரியவில்லை.

திங்கட்கிழமை தபாலில் போட்டேன். வியாழனும் வெள்ளியும் பதில் இல்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. எங்கள் கூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் அண்ணன் ஒருவர் இருந்தார். கழுவியதைக் கவிழ்க்க முதலில் பழைய தமிழ்ப் பத்திரிகையை விரிப்பார், விரித்ததும் படிக்க ஆரம்பித்துவிடுவார். பாத்திரம் தொட்டியிலேயே கிடக்கும்.

"தங்கச்சி, காத்தோங்ல ஒரு சிலோன் டீச்சருக்கு லெட்டர் போட்டேன்னு சொன்னில்ல?"

"ஆமாண்ணே."

"அவங்க வீட்டுக்காரரு பேரு இதானா பாரு."

பத்திரிகையின் மேல் ஒரு பீக்கரின் ஈர வட்டம் பதிந்திருந்தது. வட்டத்துக்குள் மரண அறிவித்தல். டீச்சருடைய கணவர் திங்கட்கிழமை காலமானார். செவ்வாய் மாலை தகனம். முகவரி, நான் டீச்சருக்கு அனுப்பிய உறையின் மேல் தட்டெழுதிய அதே முகவரி.

திங்கள் போட்ட கடிதம் செவ்வாய் காலை போய்ச் சேர்ந்திருக்கும். நகரத்துக்குள் தபால் அப்போது அவ்வளவு ஒழுங்கு. அது தாமதமாகப் போயிருக்கக் கூடாதா என்று அன்று முழுதும் வேண்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாயில் கை வைத்தார்.

"பொணம் கூடத்துல கெடக்கையில போய்ச் சேந்திருக்குமேடி."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுதான். மூணு வருசமா அந்தம்மா எப்படி இருக்காங்க, அவங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு எப்படின்னு ஒரு தடவ கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." குரலை உயர்த்தாமல் இதைச் சொல்லிவிட்டு அரிசி களைய ஆரம்பித்தார். அம்மா திட்டியிருந்தால் எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

பாத்திரம் கழுவும் அண்ணன் வேறு யோசனை சொல்லியிருந்தார். பள்ளித் தலைமையாசிரியையிடம் கேள், பெரிய பதவி, பேருக்கு மதிப்பு. ஆனால் தலைமையாசிரியை எனக்குப் பாடம் நடத்தியதில்லை. அவர் எழுதினால், இப்பெண் எங்கள் பள்ளியில் படித்தாள், நன்னடத்தை உள்ளவள் என்று இரண்டு வரி எழுதுவார். அது விதிக்கும் பொருந்தாது. கடைசித் தேதி அடுத்த சனிக்கிழமை. டீச்சர் இல்லாவிட்டால் எனக்கு இந்த இடம் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் துக்கம் கேட்கப் போகிறேன் என்பது என்னைக் குத்தியது. போகாமல் இருப்பதும் சரியில்லை. போனால் எதற்குப் போகிறேன் என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினேன். தங்கள் துயரம் அறியாமல் அனுப்பிய கடிதத்தை மன்னிக்கவும், அதைப் பொருட்படுத்த வேண்டாம், நான் வேறொருவரிடம் கேட்டுக்கொள்கிறேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"அங்க போய் உன் சமாச்சாரம் எதையும் வாயத் தொறக்காத," என்றார் அம்மா. "கௌம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்லாத. பேசாம எந்திரிச்சு வந்துடு. வந்ததும் நேரா குளியலறை."

ஞாயிறு காலை பஸ் மாறிப் போனேன். வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. முன்கூடத்தில் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இறந்தவரின் தம்பி, ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. மடியில் தந்திகளும் கடிதங்களும். மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை நீர்?"

"டீச்சர்கிட்ட படிச்சேங்க. தண்ணிப் பரிசோதனைக் கூடத்துல வேலை பாக்குறேன்."

அவர் முகம் மாறியது. "ஓ. நீர்தானோ அந்தக் கடிதம்?"

நான் தலையாட்டினேன்.

"பிணம் எடுக்க முந்தி வந்த தபால் பிள்ளை. எல்லாம் அனுதாபக் கடிதம் எண்டு நினைச்சு, சபையில இருந்து ஒவ்வொண்டா உரக்க வாசிச்சுக்கொண்டு வந்தன். உம்மடதையும் வாசிச்சுப்போட்டன். என்ன, ரெண்டாம் பந்தி வாசிச்சு முடியும் வரைக்கும் அது என்ன கடிதம் எண்டு எனக்கு விளங்கேல்லை."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற குரல், ரயில் தாமதம் என்று அறிவிப்பவரின் குரல்.  என் கடிதத்தின் முதல் வரி, தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலம் என்று நம்புகிறேன் என்பது. அது அந்தக் கூடத்தில், அந்த உடம்புக்கு முன்னால், இந்தக் குரலில் ஒலித்திருக்கிறது.

உள்ளே பாயில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் நுழைந்ததும் ஒருத்தி இன்னொருத்தியின் முழங்கையைத் தொட்டாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுவரோரம் டீச்சர் இருந்தார். வெள்ளைச் சேலை புதிதல்ல, அவர் எப்போதும் அப்படித்தான். நெற்றிதான் வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.  அவர் கையைப் பிடிக்கலாமா என்று தயங்கி, பிடிக்காமலே இருந்தேன்.

அவரே பேசினார்.

"பஸ்ஸிலயோ வந்தனீர்?"

"ஆமா டீச்சர்."

"வெயில்."

"ஆமா டீச்சர்."

பெண்களில் சிலர் சமையலறைப் பக்கம் எழுந்து போனார்கள். டீச்சர் என் பையைப் பார்த்தார். நான் அதை மடியில் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன்.

"அதுக்குள்ள என்ன?"

சொல்லியிருக்கக் கூடாதுதான். அம்மா அவ்வளவு சொல்லி அனுப்பினார். ஆனால் அந்தக் குரல் கேட்டால் எடுத்துக் காட்டித்தான் எங்களுக்குப் பழக்கம். குறிப்பை நீட்டினேன். மடிப்பைப் பிரித்து, தூரமாகப் பிடித்து வாசித்தார்.

"வேறொருவரிடம் கேட்டுக்கொள்கிறேன் எண்டு எழுதியிருக்கிறீர். ஆரிட்ட?"

"இன்னும்... தெரியல டீச்சர்."

"ஆரும் இல்லை."

"இல்ல டீச்சர்."

"அப்ப இது பொய்." குறிப்பை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மன்னிக்கவும் எண்டு எழுதியிருக்கிறீர், அது சரி. மற்றது பொய்."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொற்களில் என்று நினைவில்லை. பாதியிலேயே அவர் கையை உயர்த்தினார்.

"எனக்குக் கோபம் வந்தது. ஒளிக்கேல்லை. இவர் அங்க கிடக்கிறார், மைத்துனர் கடைசித் தேதி வாசிக்கிறார். இப்பவும் கொஞ்சம் இருக்கு. அதை விடும். வேற ஒரு காரியம். உம்மட பேரைக் கேட்டு எனக்கு ஆளைத் தெரியேல்லை."

"டீச்சர்?"

"முப்பது வருஷம் பிள்ளை. எத்தனை முகம். பிறகு ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தாள் எல்லாத்தையும் எடுத்துப் பாத்தன். பெஞ்சு, கண்காட்சி, பெயர்ச் சீட்டு. அப்பவும் வரேல்லை. இப்ப நீர் வாசலால வரேக்கைதான் கொஞ்சம் தெளியுது."

நான்கு வருடம் அவர் கண் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடம் அவரை நினைக்காமல் இருந்த என்னை அவர் நினைவில் வைத்திருப்பார் என்று எதை வைத்து எண்ணினேன்? தெரியாத ஒருத்திக்காக, துக்க நாளில், இந்த மனுஷி தாள்களைப் புரட்டியிருக்கிறார். நான் எழுந்துவிடலாமா என்று பார்த்தேன்.

"இரும். ஆளைத் தெரியாமல் நான் எழுத ஏலாது. நீர் எழுதினதைப் பாத்து அப்பிடியே எழுதினால் அது உம்மட கடிதம், என்ரை இல்லை. எழுதுறன் எண்டால் நான் கண்டதை எழுதோணும். எழுதேல்லை எண்டால் இண்டைக்கே சொல்லோணும், அப்பதான் நீர் வேற வழி பாக்கலாம். சொல்லும், இதில எழுதாத ஒண்டு சொல்லும். என்ரை வகுப்பில நடந்தது."

என்ன சொல்வது? நல்லதாகத் தோன்றியதையெல்லாம் ஏற்கெனவே எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டவை எழுதக்கூடாதவை.

"ஒரு செய்முறைத் தேர்வுல எனக்கு ரொம்பக் குறைவா மார்க் போட்டீங்க டீச்சர்."

"எதில?"

"டைட்ரேஷன். அமிலத்துல காரம் சொட்டு சொட்டா விட்டு, நிறம் மாறுற இடத்துல அளவு பாக்குறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்திச்சு. எனக்கு மட்டும் கூட வந்திச்சு. ரெண்டு மூணு தடவ செஞ்சும் அதேதான். பக்கத்து பெஞ்சுல எல்லாரும் போன வருசத்து விடையத் தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. மாத்தி எழுதுன்னாங்க. நான் வந்ததையே எழுதிட்டேன்."

டீச்சர் முன்னால் சாய்ந்தார். அந்த வீட்டுக்குள் வந்த பிறகு முதல் தடவையாக அவர் கண்கள் நான் அறிந்த கண்களாக இருந்தன.

"பொறும். இடது கைப் பக்கம், தண்ணித் தொட்டிக்குக் கிட்ட இருந்தவள். பென்சிலைக் காதில செருகுறவள்."

"ஆமா டீச்சர்."

"அந்தக் காரக் கரைசல் பழசு. போத்தல் மூடி சரியில்லை, காத்துப்பட்டு வலுக் குறைஞ்சு போச்சு. கூடத்தான் வந்திருக்கோணும். பரீட்சை முடிஞ்சு ஏழெட்டு நாளால நான் செய்து பாத்தன். உமக்கு வந்ததுதான் எனக்கும் வந்தது. வகுப்பு முழுக்கப் பொய் எழுதினது, நீர் ஒருத்தி தவிர." நிறுத்தினார். "உமக்குப் புள்ளியைத் திருத்தினனோ?"

திருத்தவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டதிலிருந்து அவருக்கே தெரிந்துவிட்டது.

"திருத்தேல்லை," என்றார். "தவணை முடிஞ்சு போச்சு எண்டு விட்டிட்டன்."

நான் அவசரமாக, பரவாயில்லை டீச்சர், அது எப்போதோ என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை. மேசையிலிருந்து என் தாள்களை எடுத்து வரச் சொன்னார். சுற்றறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை என் கையில் கொடுத்தார்.

"பாலிடெக்னிக்கும் உம்மட வேலையும் நான் காணேல்லை. அதை உம்மட மேலதிகாரி எழுதட்டும். நான் வகுப்பறையை எழுதுவன். நல்லதை மட்டும் எழுதமாட்டன். சத்தம் போட்டுப் பேசமாட்டீர், கேள்வி கேக்கமாட்டீர், அதையும் எழுதுவன். என்ன எழுதினன் எண்டு கேக்கப்படாது."

வாசலிலிருந்து மைத்துனர் எட்டிப் பார்த்தார். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அண்ணி, முப்பத்தொரு நாள் முடியேல்லை. அந்தியேட்டிக் கிரியைக்கு முந்தி உதென்ன எழுத்து வேலை? சனம் என்ன சொல்லும்?"

"கடைசித் தேதி எப்ப எண்டு நீங்கதானே சபைக்கு வாசிச்சனீங்கள்," என்றார் டீச்சர்.

அவர் தொண்டையைச் செருமினார். பாயின் மறுகோடியில் ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள், சிரிப்பு வந்ததா வேறு ஏதாவதா என்று நான் பார்க்கவில்லை.

"எழுதுறது சரி," என்றார் மைத்துனர், கொஞ்சம் இறங்கி. "ஆனா பிள்ளை, நீர் வைச்ச உறையில முத்திரையை நான் உரிச்செடுத்திட்டன். சாவீட்டு அலுவல், அவசரமா ஒரு கடிதம் போடோணும், கையில முத்திரை இல்லை."

"நான் வேணா எடுத்துட்டுப் போய்க் குடுத்துடுறேன் டீச்சர். எங்க ஆபீஸ்தானே."

"உம்மட கையில தரமாட்டன். ரகசியக் கடிதம். தபாலில போகும். முத்திரை அவர் வாங்கி ஒட்டுவார்." மைத்துனரைப் பார்க்காமலே சொன்னார். அவரும் தலையாட்டினார்.

நான் எழுந்தேன். போயிட்டு வரேன் என்ற சொற்கள் வழக்கம்போல வாய்க்கு வந்துவிட்டன, பல்லைக் கடித்து நிறுத்தினேன். நன்றி என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அன்று அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வீட்டில் நேராகக் குளியலறை. தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அம்மா கதவைத் தட்டி, "தண்ணி கட்டணம் அப்பாதான் கட்டுறாரு" என்றார். பிறகு வெளியே வந்ததும் ஒன்றும் கேட்காமல் சூடாகக் காப்பி கொடுத்தார்.

கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரிய வழியில்லை. செயலாளரின் கிளார்க்கிடம் கேட்கலாம், ஆனால் அது நாகரிகமில்லை. டீச்சரிடம் கேட்கவே முடியாது. சனிக்கிழமை கடந்தது. ஒவ்வொரு நாளும் அவர் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து, சுற்றறிக்கையைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு எழுதுவது போலவே தோன்றும். அவர் எழுதியிருக்கக் கூடாது என்று ஒரு மனம், எழுதியிருக்க வேண்டுமே என்று ஒரு மனம். இரண்டாவதுதான் பெரியது. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

இங்கிலாந்தில் வகுப்புகள் தொடங்கும் காலம் நெருங்கியிருந்ததால் நேர்முகத்தை அவசரமாக வைத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலை பற்றி, கருவிகள் பற்றிக் கேட்டார்கள். பிறகு நடுவில் இருந்தவர் முன்னால் இருந்த ஒரு தாளைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உன் அளவு மற்றவர்கள் அளவோடு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வாய்?"

தாள் முதுகுப்பக்கமாகத்தான் எனக்குத் தெரிந்தது. மைத் தடம் மறுபக்கம் ஊறியிருந்தது. தட்டச்சு இல்லை, கையால் எழுதியது.

"முதலில், வந்ததை அப்படியே எழுதுவேன். பிறகு கரைசல் போத்தலைச் சோதிப்பேன்," என்றேன். அந்தத் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 

முடிவு, முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டிக்கு முந்தின நாள் வந்தது. இடம் எனக்கு. வீட்டில் அம்மா வீரமாகாளி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து வந்தார். அப்பா அலுவலகக் கடிதத்தைத் தன் நண்பர்களிடம் காட்டக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. பரிந்துரை எழுதியவருக்கு முடிவைச் சொல்ல வேண்டும், அது கடமை. ஆனால் துக்க வீட்டுக்கு, அதுவும் அந்த நாளில், சந்தோஷச் செய்தியை எப்படிக் கொண்டு போவது? பையில் வைத்துக்கொண்டேன். சொல்லப் போவதில்லை என்று தீர்மானித்தேன். ஒரு வாரம் கழித்துக் கடிதமாக எழுதலாம், இந்த முறை முதலில் நலம் விசாரித்து.

அந்தியேட்டி வீட்டில் கூட்டம். சமையல் வாசனை வந்திருந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். டீச்சர் தூரத்திலிருந்து பார்த்து லேசாகத் தலையசைத்தார், அவ்வளவுதான். சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு ஓசைப்படாமல் வாசலுக்கு வந்தபோது மைத்துனர் அதே நாற்காலியில் இருந்தார்.

"பிள்ளை. என்ன முடிவு?"

"அது... அப்புறம் சொல்றேங்க."

"உதென்ன கதை? அண்டைக்கு இந்த வீட்டில இருந்த சனம் முழுக்க உம்மட கடைசித் தேதியைக் கேட்டது. ஒவ்வொருத்தரும் என்னட்ட வந்து, அந்தப் பிள்ளைக்குக் கிடைச்சுதோ, கிடைச்சுதோ எண்டு கேக்கினம். நான் என்ன சொல்ல?" பின்னால் திரும்பினார். "அண்ணி, பிள்ளை முடிவு சொல்லாமல் போகப் பாக்குது."

 கூடத்துக் கதவில் டீச்சர் வந்து நின்றார். பெண்கள் அவருக்குப் பின்னால்.

நான் பையைத் திறந்து அலுவலகக் கடிதத்தை எடுத்தேன். டீச்சரிடம் கொடுக்கத்தான் நீட்டினேன். நடுவில் மைத்துனர் வாங்கிவிட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, எழுந்து நின்று, அன்றைக்கு வாசித்திருக்கக் கூடிய அதே உரத்த ரயில்வே ஆங்கிலத்தில், மேலே இருந்த எண், தேதி உட்பட, ஒரு வரி விடாமல் வாசித்தார். வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை, வாழ்த்துச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அது முடியாது. ஒரு பெண் "ம்" என்றாள். இன்னொருத்தி எனக்காக ஒரு வாழைப்பழம் எடுத்து வந்து கையில் வைத்தாள்.

டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க குளிர்," என்றார். "கம்பளி கொண்டு போம்."

வாழைப்பழத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு தலையாட்டினேன். அப்போதும் போயிட்டு வரேன் என்று வாய்க்கு வந்தது. சொல்லாமல் படி இறங்கினேன்.